பாய் அண்ணன் வாங்காத வட்டி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் செருப்பைத் தேடுவேன். யாரையும் அடிக்க அல்ல, கிளம்பிப் போய் நேரில் கேட்க. ஃபோனில் சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதிராளி முகம் தெரிய வேண்டும். அந்த ஆடி மாதத்தில் ஒரே காலைப்பொழுதில் இரண்டு முறை செருப்பைத் தேடினேன். இரண்டுக்கும் காரணம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்த ஒரே ஒரு தாள்.

சங்ககிரியில் பைபாஸை ஒட்டி எங்களுக்கு டயர் ரீட்ரெடிங் ஷெட் இருக்கிறது. லாரிக்காரர்கள் தேய்ந்த டயரைக் கொண்டுவந்து போடுவார்கள். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, புது ரப்பர் பட்டையை ஒட்டி, சேம்பரில் வைத்து வேகவிட்டுக் கொடுப்போம். மூன்று பேர் பங்கு. என் அண்ணன் இருபது லட்சம் போட்டிருக்கிறார். அவருக்கு நாமக்கல் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் உண்டு. சேலத்தில் பழைய டயர் வியாபாரம் செய்யும் பாய் அண்ணன் இருபது லட்சம் போட்டிருக்கிறார். நான் ஐந்து லட்சம். அண்ணனும் பாய் அண்ணனும் பணம் போட்டதோடு சரி, ஷெட்டைப் பார்ப்பது நான். டிரைவர்களிடம் பேரம், வேலையாட்களிடம் சத்தம், பாக்கி வைத்திருக்கும் ஓனர்களிடம் இனிப்பாக ஒரு குரல், எல்லாம் என் பொறுப்பு. ரூபாய்க்கு நாற்பது பைசா அண்ணனுக்கு, நாற்பது பாய் அண்ணனுக்கு, இருபது எனக்கு என்று பத்திரம் எழுதி வருடங்கள் ஆகின்றன.

வருடா வருடம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு கட்டு காகிதம் வரும். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அதைப் படிப்பது என்பது எங்கள் மூவருக்குமே தோன்றாத ஒன்று. பங்குதாரர்களின் சம்பளத்திலும் வட்டியிலும் வருமான வரி பிடிக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால், அந்த முறை ஆளுக்கு எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று விரிவாகக் காட்டும் ஒரு தாளையும் சேர்த்து அனுப்பினார்கள். அது வந்த அன்று ஷெட்டில் கரண்ட் போயிருந்தது. சேம்பர் ஓடவில்லை, வேலை இல்லை. சும்மா இருக்க முடியாமல் எடுத்துப் படித்தேன்.

என் பெயருக்குக் கீழே ‘டிராயிங்ஸ்’, அதாவது சொந்தச் செலவுக்கு எடுத்தது, என்று போட்டு ஆறு லட்சத்தைக் கழித்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாதம் ஐம்பதாயிரம் நான் எடுத்துக்கொள்கிறேன். அது என் சம்பளம். வெயிலிலும் ரப்பர் நாற்றத்திலும் உட்கார்ந்து வாங்குகிற கூலி. அதை நான் போட்ட முதலிலிருந்து கழித்தால் நான் வருடம் முழுக்க உழைத்ததற்கு என்ன அர்த்தம்? என் காசை எடுத்து எனக்கே சம்பளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பாய் அண்ணனின் ஃபோன் வந்தது.

“தங்கச்சி, தாள் வந்துச்சா?”

“வந்துச்சுங்கண்ணா. நானே கூப்பிடோணும்னு இருந்தேன். என்ன அநியாயம் பாருங்க.”

அவர் நேராக விஷயத்துக்கு வந்து, “இந்த வருசம் மார்ச்சோட என் கணக்கை முடிச்சுக் குடுத்துருங்கம்மா. நான் ஒதுங்கிக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க” என்றார்.

ஏன் என்று கேட்டேன். நேரில் பேசலாம் என்று வைத்துவிட்டார்.

இருபது லட்சம் வெளியே போனால் ஷெட் தாங்காது. சேம்பர் செய்து கொடுத்த கம்பெனிக்கே இன்னும் பாக்கி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் நினைவுக்கு வந்தது பணம் இல்லை. ஷெட் ஆரம்பித்த புதிதில், ஒரு பொம்பளையிடம் டயரைக் கொடுப்பதா என்று லாரிக்காரர்கள் தயங்கியபோது, தன் கடைக்கு வந்தவர்களை எல்லாம் “சங்ககிரியில என் தங்கச்சி இருக்கு, அங்க போடுங்க” என்று அனுப்பிவைத்தவர் அவர். அவர் இல்லாத ஷெட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னைப் போல அவர் கணக்கிலும் ஆடிட்டர் கை வைத்திருக்கிறார், அதனால்தான் கோபித்துக்கொண்டு போகிறார் என்று நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆடிட்டர் ஆபீஸ் திருச்செங்கோடு ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிறது. நான் போனபோது ஆடிட்டர் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும் வைத்தது. அதை வாயில் வைத்தபடி யாரும் பதில் சொல்ல முடியாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் மென்று விழுங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, “மேடம், பாதிப் பக்கம்தான் படிச்சிருக்கீங்க” என்றார்.

“மீதிப் பக்கத்துல என்ன இருக்குதுங்க?”

“உங்க சம்பளம் இருக்குது.”

தாளைத் திருப்பி வைத்து என் முன்னால் தள்ளினார். கழிக்கிற பத்திக்கு எதிரே கூட்டுகிற பத்தி ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் என் முதல் ஐந்து லட்சம். போட்ட முதலுக்கு ஃபர்ம் தரும் வட்டி வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு, அறுபதாயிரம். சம்பளம் மாதம் முப்பதாயிரம் வீதம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். லாபத்தில் என் பங்கு இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம். ஆகமொத்தம் பதினொரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் என் கணக்கில் வரவு. அதிலிருந்து நான் எடுத்தது ஆறு லட்சம், வரிப் பிடித்தம் நாற்பத்திரண்டாயிரம். மீதி ஐந்து லட்சத்து ஆறாயிரம்.

“சம்பளம் முப்பதுதானுங்களா? நான் ஐம்பது வாங்கறனே?”

“ஐம்பது நீங்க எடுக்கறது. முப்பது பத்திரத்துல எழுதினது. நீங்க எடுக்கறதுக்கெல்லாம் சம்பளம்னு பேரு வெச்சுட்டீங்க. சம்பளத்த இந்தப் பக்கம் கூட்டறேன். எடுத்தத அந்தப் பக்கம் கழிக்கறேன். கழிச்சும் ஆறாயிரம் கூடத்தான இருக்குது?”

இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஷெட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் மாதம் எடுக்கிற பணத்தைச் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். ஆளுக்கொரு தட்டுவடை செட் சொன்னார் ஆடிட்டர். என் கோபம் காரட்டோடு உள்ளே போய்விட்டது.

“சரி, அப்பப் பாய் அண்ணன் எதுக்குப் போறேங்கறாரு?”

ஆடிட்டருக்கே அது புதுச் செய்தி. அதே தாளின் பின்பக்கத்தைத் திருப்பினார். லாபத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று காட்டுகிற பக்கம். எனக்கு இப்போது கூட்டுகிற பக்கமும் கழிக்கிற பக்கமும் தெரியும் என்ற தெம்பு வந்திருந்ததால், நானே விரலை வைத்துப் படித்தேன். ஃபர்ம் கட்ட வேண்டிய வரியை ஒதுக்கியது போக அந்த வருட லாபம் பதினெட்டு லட்சம். அதில் முதலில் வட்டி. அண்ணனுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், எனக்கு அறுபதாயிரம். பாய் அண்ணனின் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

“இங்க விட்டுப்போச்சுங்களே.”

“விட்டுப்போகல. வட்டி வேண்டாம்னு மொதல் நாளே சொல்லி, பத்திரத்துலயும் அப்படியே எழுதியிருக்குது. அவங்க மார்க்கத்துல வட்டி வாங்கக் கூடாது.”

அந்தப் பத்திரத்தில் நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்தால்தானே தெரியும்.

மேலே படித்தேன். வட்டி மூன்று லட்சமும் என் சம்பளம் மூன்று அறுபதும் போக மிச்சம் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம். அது நாற்பது, நாற்பது, இருபது. அண்ணனுக்கும் பாய் அண்ணனுக்கும் நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் ஆளுக்கு, எனக்கு இரண்டு இருபத்தெட்டு. கடைசி வரியில் வட்டி, சம்பளம், பங்கு எல்லாம் சேர்த்த மொத்தம். அண்ணன் ஆறு லட்சத்து தொண்ணூற்றாறாயிரம். நான் ஆறு நாற்பத்தெட்டு. பாய் அண்ணன் நான்கு ஐம்பத்தாறு.

“அவரும் வட்டி வாங்கியிருந்தா?” என்று கேட்டேன்.

ஆடிட்டர் கால்குலேட்டரைத் தட்டினார். அவர் வட்டி இரண்டு நாற்பதையும் எடுத்துவிட்டால் பிரிக்க மிஞ்சுவது ஒன்பது லட்சம். அண்ணனுக்கு மூன்று அறுபது, அவருக்கும் மூன்று அறுபது, எனக்கு ஒன்று எண்பது. வட்டியும் சம்பளமும் சேர்த்தால் அண்ணன் ஆறு லட்சம், பாய் அண்ணன் ஆறு லட்சம், நான் ஆறு லட்சம். ஆடிட்டரே கால்குலேட்டரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் தட்டினார். அதே ஆறு.

ஆக, அவர் வேண்டாம் என்று விட்ட பணம் காற்றில் போகவில்லை. பொது லாபத்தில் விழுந்து, அதில் தொண்ணூற்றாறாயிரம் என் அண்ணனுக்கும் நாற்பத்தெட்டாயிரம் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வருடம் நான் வாங்கிய ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. அது அவர் பணத்தில் வந்தது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நஷ்டத்தை இப்போதுதான் பார்த்திருக்கிறார், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறார் என்று இரண்டாவது கதையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் செருப்பைத் தேடினேன்.

சேலத்துக்கு பஸ் ஏறினேன். பாய் அண்ணனின் கடை வாசலில் லாரி டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து அந்த நாற்காலியை எனக்குத் தள்ளினார். தனக்கு ஒரு டயர்.

“பாய் அண்ணா, இனிமே உங்க வட்டிய நீங்க எடுத்துக்கோங்க. வேண்டாம்னா, வேற பேர்ல போட்டுரலாம். மாசம் இருபதாயிரம்னு சம்பளமா எழுதிரலாம். வருசத்துக்கு அதே ரெண்டு நாப்பது வந்துரும்.” பஸ்ஸில் வரும்போது எனக்குத் தோன்றிய யோசனை. பெரிய கெட்டிக்காரத்தனமாக நினைத்திருந்தேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “மாசத்துல ஒரு நாளு வந்து டீ குடிச்சிட்டுப் போறேன். அதுக்கு இருபதாயிரம் சம்பளமா? அந்த டீயில என்ன கலந்திருக்கீங்க?” பிறகு தலையை ஆட்டினார். “பேர மாத்தினா பொருள் மாறாது தங்கச்சி. அதுவுமில்லாம எனக்கு வரலேங்கறதுக்காக நான் போகல.”

“பின்ன?”

உள்ளே போய் அதே தாளை எடுத்துவந்தார். லாபம் பதினெட்டு லட்சம் என்ற வரிக்கும் பங்கு பிரித்த வரிக்கும் நடுவில் விரலை வைத்தார்.

“வாங்காம இருந்தாப் போதும், நான் சுத்தம்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன். இந்தத் தாளு வந்தப்பதான் பாக்கறேன். எல்லாத்துக்கும் முன்னால உங்க ரெண்டு பேருக்கும் மூணு லட்சம் வட்டி எடுத்து வெக்கறாங்க. அது யாரு பணம்? மூணு பேரு லாபம். அதுல ரூவாய்க்கு நாப்பது பைசா என்னது. கணக்குப் போட்டா ஒரு லட்சத்து இருபதாயிரம், வருசா வருசம் நான் வட்டி குடுத்திருக்கேன்.” விரலை எடுத்தார். “வாங்கறது கூடாதுன்னா, குடுக்கறதும் கூடாதும்மா. உங்ககிட்ட அதை எடுக்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமையில்ல. பத்திரத்துல உங்களுக்கு உண்டுன்னுதான் எழுதியிருக்குது. அதான் நானே ஒதுங்கிக்கறேன்.”

அவர் குரலில் வருத்தம் இருந்ததே தவிர, குறை இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

“என் சம்பளம்? அதும் முன்னாலயேதான எடுத்து வெக்கறாங்க?” என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“அது உழைச்சதுக்குக் கூலி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரப்பர் நாத்தத்துல நானா உக்காந்திருக்கேன்?”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். இடம் போதாமல் கண்டக்டரிடம் இன்னொரு காகிதம் கேட்டேன். கணவரோடு கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுகிறேனா என்பது போலப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். யாருக்குமே வட்டி இல்லை என்றால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. பதினெட்டில் என் சம்பளம் போகப் பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம். அதே நாற்பது, நாற்பது, இருபதில் பிரித்தால் பாய் அண்ணனுக்கு ஐந்து எழுபத்தாறு, அண்ணனுக்கும் அதே. எனக்குச் சம்பளத்தோடு ஆறு நாற்பத்தெட்டு. மறுபடியும் கூட்டினேன். எனக்கு ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. அண்ணனிடமிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் பாய் அண்ணனுக்குப் போகிறது, என் பணம் அசையவே இல்லை.

நல்ல யோசனைதான், மூன்று பேரில் நான் மட்டும் தப்பித்துக்கொள்கிற யோசனை. சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஒரு பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அண்ணனிடம் இதை எந்த முகத்தோடு சொல்வேன் என்று யோசித்தேன். அடுத்தவர் கையில் இருப்பதை விடச் சொல்ல வேண்டுமென்றால் நம் கையிலிருந்தும் ஏதாவது விட வேண்டும். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆடிட்டரைக் கூப்பிட்டேன். வட்டி யாருக்கும் வேண்டாம், ஆனால் பாய் அண்ணன் வட்டி வாங்கியிருந்தால் வந்திருக்குமே, ஆளுக்கு ஆறு, அதுவே வர வேண்டும், அதற்குப் பங்கு எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

“சம்பளம் போக உங்களுக்கு ரெண்டு நாப்பது, அவங்களுக்கு ஆளுக்கு ஆறு. அப்ப மொத்தம் பன்னெண்டு பங்கு. அஞ்சு, அஞ்சு, ரெண்டு” என்றார். கால்குலேட்டர் சத்தம்கூடக் கேட்கவில்லை. “ஆனா மேடம், வட்டிய ஃபர்ம் செலவுன்னு கழிக்க விட்டிருக்காங்க. பன்னெண்டு பர்சன்ட் வரைக்கும். அத எடுத்துட்டா ஃபர்முக்கு வரி கூடும். இந்தக் கணக்குக்கு ஒரு தொண்ணூத்தி நாலாயிரம் பக்கமா. உங்க ரெண்டு பேரு சொந்தக் கணக்குல அந்த வட்டிக்குக் கட்டற வரி இல்லாமப் போகும். ரெண்டையும் பாத்து முடிவு பண்ணுங்க.”

மறுநாள் காலை அண்ணனின் பண்ணைக்குப் போனேன். தீவன மூட்டைகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தாளைக் காட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

“நீயே சொல்லு அம்மணி.”

சொன்னேன். அஞ்சு, அஞ்சு, ரெண்டு என்றதும் தலையைத் தூக்கினார். “எனக்கு எவ்வளவு குறையும்?”

“தொண்ணூத்தாறாயிரம். அதுபோக வரி கொஞ்சம்.”

“நல்லாருக்குது. எம்பட பணம் இருபது லட்சம் வட்டியில்லாம அங்க கெடக்கோணுமாக்கும்? அவருக்கு வேண்டாம்னா அவரு விடட்டும். நானா அவர விடச் சொன்னேன்? போறவங்கள எதுக்குப் புடிச்சு நிறுத்தற?”

அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். என் அண்ணன் யாரிடமும் ஓசியில் ஒரு டீ குடிக்க மாட்டார். சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் கூட வந்தவர் காசு எடுப்பதற்குள் இவர் நோட்டை நீட்டிவிடுவார். அந்த விஷயத்தில் கையைப் பிடித்து முறுக்குகிற அளவுக்கு ரோஷம்.

“ஏனுங்கண்ணா, பாய் அண்ணன் வாங்கிக் குடுத்த டீய நீங்க என்னிக்காச்சும் குடிச்சிருக்கீங்களா?”

“நான் எதுக்குக் குடிக்கறேன். நான்தான் வாங்கித் தருவேன்.”

“போன வருசம் தொண்ணூத்தாறாயிரத்துக்குக் குடிச்சிருக்கீங்க. நான் நாப்பத்தெட்டாயிரத்துக்கு. அவரு வேண்டாம்னு வெச்ச பணம் நம்ம பங்குல வந்து உழுந்திருக்குது. அவருக்கே தெரியல. நமக்கும் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

அவர் முகம் சுருங்கியது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆள் எத்தனையாவது என்று கேட்டார். அண்ணனுக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொன்னார்.

“நீ எவ்வளவு உடற?” என்றார் கடைசியில்.

“எனக்கு வந்த நாப்பத்தெட்டும்.”

“உனக்கு அது பெரிய பணமாச்சே.”

“பெரிய பணம்தானுங்க. வயிறு எரியுது. ஆனா பாய் அண்ணன் போனா இன்னும் எரியும்.”

அண்ணன் மூட்டைகளை எண்ணி முடித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். என்னை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டார். “பாய்கிட்டச் சொல்லிப்போடு. வெள்ளிக்கெழம மட்டும் பத்திரத்த வெக்காதீங்க, அவரு தொழுகைக்குப் போகோணும். வேற நாள்ல ஆடிட்டர்கிட்ட வாரேன்” என்றார்.

நான் ஷெட்டுக்குப் போகும் வழியிலேயே பாய் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆளுக்கு எவ்வளவு என்று இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். “அப்ப இருக்கேம்மா” என்றார்.

பழைய வருடங்களைத் தொடுவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். தெரியாமல் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும், அடுத்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதுக் கணக்கு. மார்ச் கடைசி வாரத்தில் மூவரும் ஆடிட்டர் ஆபீஸில் கூடினோம். ஸ்டாம்ப் பேப்பரில் புதுப் பத்திரம் அடித்து வைத்திருந்தார்கள். இந்த முறை பென்சில் குறியைத் தேடாமல் ஆளுக்கொரு நகலை வைத்துக்கொண்டு மூன்று பேரும் வரிவரியாகப் படித்தோம். ஆடிட்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்திரத்தைப் படிக்கிற பார்ட்னர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது.

எந்தப் பங்குதாரரின் முதலுக்கும் வட்டி கிடையாது என்று இருந்தது. லாபமும் நஷ்டமும் ஐந்துக்கு ஐந்துக்கு இரண்டு என்று இருந்தது. பாய் அண்ணன் அந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உழைக்கும் பங்குதாரரின் சம்பளம் என்று என் பெயர். எதிரே மாதம் முப்பத்து நான்காயிரம்.

“இது தப்பா அடிச்சிருக்குதுங்க. முப்பது” என்றேன்.

“தப்பில்ல” என்றார் ஆடிட்டர். “உங்க அண்ணன் வந்து சொல்லிட்டுப் போனாரு.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். “நான் மட்டும் சொல்லல. பாயும்தான் சொன்னாரு. ரெண்டு பேரும் பேசித்தான் வெச்சோம். மாசம் நாலாயிரம். பன்னெண்டு மாசத்துக்குப் பெருக்கிப் பாரு.”

பெருக்க வேண்டியதே இல்லை. நாற்பத்தெட்டாயிரம். நான் விட்ட தொகை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரெல்லாம் வாய்ச்சண்டை போடுகிறவள், ஆடிட்டர் ஆபீஸில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை மறைக்கப் பத்திரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஆனால் வரிவரியாகப் படித்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? முந்தைய வரியையும் இந்த வரியையும் சேர்த்துப் பார்த்துவிட்டது.

“ஏனுங்க, சம்பளத்த லாபம் பிரிக்கறதுக்கு முன்னாலயே எடுத்துருவீங்கதான?” என்று ஆடிட்டரிடம் கேட்டேன்.

“ஆமாங்க.”

“அப்ப இந்த நாப்பத்தெட்டுல பன்னெண்டுல ரெண்டு பங்கு என் லாபத்துல இருந்துதான் போகுது. எட்டாயிரம் என்னுது. இவங்க ரெண்டு பேரும் குடுக்கறது ஆளுக்கு இருபதுதான்.”

பாய் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “இவளுக்கு அந்தத் தாள எதுக்குங்க அனுப்புனீங்க?” என்று ஆடிட்டரிடம் கேட்டார்.

பாய் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பால் வந்ததா என்று நான் கேட்கவில்லை. “அந்த எட்டாயிரத்தக் கண்டுபுடிச்சதுக்கு மாசாமாசம் டீ நீங்கதான் வாங்கித் தரணும் தங்கச்சி” என்றபடி பேனாவை எடுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். டீ விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பத்திரத்தை ஒருமுறை பார்த்தார், பாய் அண்ணனை ஒருமுறை பார்த்தார்.

“சரி, அவளே வாங்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கையெழுத்தைப் போட்டார்.